சாவிக்கு முன் ஒரு கடிதம்

போடிநாயக்கனூரில் ஒரு வாடகை வீட்டை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறார்கள். மேல்தளத்தில் வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார். கீழ்வீட்டுக்காரர்களின் மகளுக்கு அமெரிக்காவில் பேறுகாலம். ஆகஸ்ட்டில் கிளம்பினால் பிப்ரவரியில்தான் திரும்ப முடியும். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு அந்த நாட்டில் வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க அனுமதிப்பார்கள். அந்த ஆறு மாதத்தையும் முழுசாகப் பேரப்பிள்ளையோடு கழித்துவிட்டு வருவதுதான் நம் வீடுகளில் நடப்பது.

2023 ஜூனிலிருந்து சென்னை ரயில் போடி வரைக்குமே வருவதால், கிளம்பும் நாளில் சாயங்காலம் வீட்டிலிருந்தே ஆட்டோ ஏறிவிடலாம். பெட்டிகளைக் கட்டி, கேஸை மூடி, கதவைப் பூட்டியாயிற்று. கடைசி நிமிடத்தில் அந்த அம்மா மாடிப்படி ஏறிப்போய், "அக்கா, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். போயிட்டு வந்துடுறோம்" என்று கொத்துச்சாவியை வீட்டுக்காரம்மா கையில் வைக்கிறார். "நல்லபடியா போயிட்டு வாங்க. பிள்ளையைக் கேட்டதாச் சொல்லுங்க" என்று அவரும் வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுகிறார்.

இதில் யாரிடமும் ஒரு குறையும் இல்லை. நம் ஊரில் ஆயிரம் வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது, பெரும்பாலும் நல்லபடியாகவே முடிகிறது. ஆனாலும் வாடகைக்கு இருப்பவர் நீண்ட பயணத்துக்கு முன் செய்யக்கூடிய செயல்களில், பின்னால் மிக எளிதாக வேறு அர்த்தம் கொடுக்கப்படக்கூடியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். தவறு சாவி கொடுத்ததில் இல்லை. எதற்காகக் கொடுத்தோம் என்பதற்கு ஒரு வரி எழுத்துக்கூட இல்லாததில் இருக்கிறது.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், ஒரு குத்தகை எப்படியெல்லாம் முடிவுக்கு வரும் என்று 111ஆம் பிரிவில் சொல்கிறது. அவற்றில் ஒன்று, வாய்விட்டுச் சொல்லாமலே நடக்கும் ஒப்படைப்பு. குடியிருப்பவர் வீட்டை விட்டுவிட்டதாகக் காட்டும் ஒரு செயலைச் செய்து, வீட்டுக்காரரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், எழுதி வாங்காமலே குடியிருப்பு முடிந்துவிட்டதாகக் கருத இடமுண்டு. சாவியை வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுப்பது அப்படிப்பட்ட செயல்களில் ஒன்றாக வெகுகாலமாகப் பார்க்கப்பட்டு வருகிறது. வெறுமனே சாவி கை மாறியதாலேயே வீடு போய்விடாது. இரண்டு பக்கமும் என்ன எண்ணத்தில் கொடுத்து வாங்கினார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் எண்ணத்துக்குச் சாட்சி வேண்டுமே. நம் கதையில் இருக்கும் சாட்சிகள் மாடிப்படியில் நின்ற இரண்டு பெண்கள் மட்டும்தான்.

நவம்பரில் அந்த வீட்டுக்காரம்மா காலமாகிவிட்டார் என்று வையுங்கள். வெளியூரிலிருந்து வரும் மகன் ஆணியில் சாவியைப் பார்க்கிறார். வீடு மூன்று மாதமாகப் பூட்டிக்கிடப்பதைப் பார்க்கிறார். "காலி பண்ணிட்டுத்தானே சாவியைக் கொடுத்திருப்பாங்க" என்று அவர் நினைத்தால் அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் பீரோவையும் கட்டிலையும் என்ன செய்வது என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வியாக இருக்கும்.

பூட்டிய வீட்டில் யார் குடியிருக்கிறார்?

வாடகை வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் அது இன்னும் நம் குடியிருப்புதானா? இந்தக் கேள்வி நம் மாநிலத்தில் புதிதல்ல. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கு நேராகவே ஒரு பதில் வைத்திருந்தது. குடியிருப்பவர் தக்க காரணம் இல்லாமல் தொடர்ந்து நான்கு மாதம் வீட்டில் இல்லாமல் போனால், அவரைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வழக்குப் போடலாம். அந்த விதிக்கு ஒரு விலக்கும் இருந்தது. மலை வாசஸ்தலங்களில் இருக்கும் கட்டடங்களுக்கு அது பொருந்தாது. பருவத்துக்குப் பருவம் பூட்டிக்கிடப்பது மலை வீட்டின் இயல்பு என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. ஏலமலைச் சரிவில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் இது புரியும். அறுவடை முடிந்தால் கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்குவதும், அடுத்த பருவத்தில் ஏறிப்போய்த் திறப்பதும் அங்கே வாழ்க்கை முறை. ஆனால் அடிவாரத்தில் இருக்கும் போடி நகரத்து வீட்டுக்கு அந்தக் கதை செல்லாது.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில், 2017இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர்கள் மற்றும் குத்தகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நான்கு மாதக் கணக்கு இந்தப் புதிய சட்டத்தின் வெளியேற்றக் காரணங்களில் இல்லை. அதனால் நிம்மதி என்று முடித்துவிட முடியாது. வாடகைக்கு இருப்பது எழுத்து மூலமான ஒப்பந்தத்தின்படி என்பதுதான் புதிய சட்டத்தின் அடித்தளம். ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் வீட்டைப் பூட்டிப்போடுவது பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கையெழுத்துப் போடும் நாளில் யாரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் வரி அது.

போடியிலிருந்து மலை ஏறி, போடிமெட்டைத் தாண்டினால் சட்டமும் மாறிவிடுகிறது. பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் கடை வைத்திருக்கும், வீடு எடுத்திருக்கும் தேனி மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர். அங்கே கேரளச் சட்டம். 1965ஆம் ஆண்டின் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலில் இருக்கும் பகுதிகளில், தக்க காரணம் இல்லாமல் தொடர்ந்து ஆறு மாதம் குடியிருக்காமல் விட்டால் அது வெளியேற்றுவதற்கு ஒரு காரணம். ஆறு மாதம் பேரப்பிள்ளையோடு இருந்துவிட்டு வருகிறவருக்கு, கணக்குச் சரியாக அந்த விளிம்பில் வந்து நிற்கிறது.

மகளின் பேறுகாலம் தக்க காரணம் இல்லையா? எந்த மனிதருக்கும் அது தக்க காரணம்தான். சிக்கல் காரணத்தில் இல்லை, அதைக் காட்டுவதில் இருக்கிறது. 2004இல் ஹரியானா மாநில வாடகை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ஓர் இடத்தைக் கைவசம் வைத்திருப்பதும் அதில் இருந்து புழங்குவதும் இரு வேறு சங்கதிகள் என்று பிரித்துப் பார்த்தது. பூட்டும் உள்ளே கிடக்கும் சாமான்களும் கைவசத்தைக் காட்டலாம். குடியிருப்பைக் காட்ட அவை மட்டும் போதாமல் போகலாம்.

இந்த விஷயத்தில் பழைய வழக்கு ஒன்று எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1948இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நடந்தது. பிரவுன் என்ற வாடகைதாரருக்கு இரண்டு வருடச் சிறைத்தண்டனை. அவர் உள்ளே போனபோது அவரோடு வாழ்ந்த பெண்ணும் குழந்தைகளும் வீட்டில் இருந்தார்கள். 1946 மார்ச்சில் அந்தப் பெண் பெரும்பாலான சாமான்களை எடுத்துக்கொண்டு குழந்தைகளோடு போய்விட்டார். சில சாமான்கள்தான் மிச்சம். திரும்பி வந்து குடியிருப்பேன் என்ற எண்ணம் பிரவுனுக்கு இருந்தது. ஆனாலும் அவர் தோற்றார். நீண்ட நாள் இல்லாமல் இருப்பவருக்குத் திரும்பும் எண்ணம் மட்டும் போதாது, அந்த எண்ணத்துக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் அடையாளமும் வீட்டில் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அடையாளத்துக்கு அது சொன்ன உதாரணங்களில் ஒன்று, அவர் திரும்பும் வரை வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்துவிட்டுப் போவது.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், சாவி வைத்திருக்கும் ஆள். வெறும் பூட்டு சொல்லாததை அவர் சொல்கிறார்: இந்த வீட்டில் குடியிருப்பவர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள், திரும்பி வருவார்கள், அதுவரை கேள்வி இருந்தால் என்னிடம் கேளுங்கள்.

கடிதம்

ஆகவே கடிதம்தான் முதலில். சாவி அதற்குப் பிறகு. கடிதத்தைக் கிளம்பும் வாரத்தில் எழுதாதீர்கள், டிக்கெட் எடுத்த வாரத்திலேயே எழுதுங்கள். வீட்டுக்காரருக்கு ஆட்சேபம் ஏதாவது இருந்தால் உட்கார்ந்து பேச நாள் வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, வக்கீலும் தேவையில்லை. வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அவரிடம் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும். நம் தம்பதி எழுதியிருக்க வேண்டிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அம்மா அவர்களுக்கு வணக்கம். தங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் தங்களோடு செய்துகொண்ட வாடகை ஒப்பந்தப்படி குடியிருந்து வருகிறோம். எங்கள் மகளின் பேறுகாலத்துக்காக வரும் ஆகஸ்ட் 10ஆம் தேதி அமெரிக்கா சென்று, பிப்ரவரி 5ஆம் தேதிக்குள் திரும்புகிறோம். வீட்டைக் காலி செய்யவில்லை. எங்கள் சாமான்கள் வீட்டிலேயே இருக்கும். குடியிருப்பு எங்களுடையதாகவே தொடரும். மாத வாடகை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் தங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துசேரும். நாங்கள் இல்லாத நாட்களில் வீட்டுச் சாவி, பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னாரிடம் (முகவரி, கைப்பேசி எண்) பாதுகாப்புக்காக மட்டும் இருக்கும். பழுது பார்க்க, மீட்டர் ரீடிங் எடுக்க, தாங்கள் வீட்டைப் பார்வையிட அவர் வந்து திறந்துவிடுவார். எங்களுக்கு வரும் தபால்களையும் நோட்டீஸ்களையும் பெற்று எங்களுக்குத் தெரிவிப்பார். வீட்டில் தங்கவோ, வேறு எவரையும் தங்கவைக்கவோ, வீட்டை ஒப்படைக்கவோ, ஒப்பந்தத்தை மாற்றவோ அவருக்கு அதிகாரம் இல்லை. அவசரத்துக்கு எங்களை இந்த வாட்ஸ்அப் எண்ணில் அழைக்கலாம்."

இதில் மூன்று வரிகளை விடவே கூடாது. 'காலி செய்யவில்லை' என்பது முதலாவது. 'பாதுகாப்புக்காக மட்டும்' என்பது இரண்டாவது. சாவி வைத்திருப்பவரால் என்னென்ன முடியாது என்ற வரி மூன்றாவது. இந்த மூன்றாவது வரி நம்மவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். உதவி செய்ய வருகிறவரிடம் போய் 'உனக்கு அதிகாரம் இல்லை' என்று எழுதுவதா என்று தயங்குவார்கள். அந்த வரி அவரைச் சந்தேகப்பட்டு எழுதுவதல்ல, அவரைக் காப்பாற்றவே எழுதுவது. நாளைக்கு வீட்டுக்காரர் தரப்பில் யாராவது வந்து, "நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டு வீட்டை விட்டுக்கொடுத்திடுங்கண்ணே" என்று நெருக்கினால், "எனக்கு அந்த அதிகாரமே கிடையாதுப்பா, பேப்பரைப் பாரு" என்று அவர் நிம்மதியாகச் சொல்லலாம்.

தங்கவைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வீட்டை முழுசாகவோ ஒரு பகுதியாகவோ இன்னொருவர் கைக்கு விடுவது புதிய சட்டத்தில் வெளியேற்றத்துக்கான காரணங்களில் ஒன்று. பூட்டிக்கிடக்கும் வீடுதானே என்று அண்ணன் மகன் வந்து தனியாக மூன்று மாதம் படுத்து எழுந்தால், அவன் காசு எதுவும் தராவிட்டாலும், வெளியே பார்ப்பவருக்கு உள்வாடகை போலத்தான் தெரியும். வீட்டில் ஆள் படுத்தால் நல்லது என்று நினைத்தால், அதையும் கடிதத்தில் தனியாகக் கேட்டு, வீட்டுக்காரர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சாவியை வீட்டுக்காரரிடமே கொடுப்பதுதான் உங்களுக்கு வசதி என்றால், தாராளமாகக் கொடுங்கள். மாடியிலேயே இருக்கும் வீட்டுக்காரம்மாவை விட நல்ல காவல் எது? கடிதத்தில் இன்னார் என்ற இடத்தில் 'தங்களிடமே பாதுகாப்புக்காக' என்று எழுதி, திரும்பி வந்ததும் திருப்பிப் பெற்றுக்கொள்வோம் என்ற வரியையும் சேர்த்துவிட்டால், ஆணியில் தொங்கும் சாவிக்கு வேறு அர்த்தம் யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் வெளி ஆள் ஒருவரின் பெயரும் கடிதத்தில் இருப்பது நல்லது. வீட்டுக்காரம்மாவுக்கே ஏதாவது ஒன்று என்றால் பேச ஓர் ஆள் வேண்டும்.

யாரிடம் கொடுப்பது?

நம்பிக்கையான ஆள் என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது சொந்தக்காரர்கள். போடியில் நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை பகலில் அவர் ஊரில் இருப்பாரா?

இந்த மாதங்கள் அப்படிப்பட்டவை. ஏலக்காய் எடுப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடித்து, ஒரே செடியில் நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை என்று தை, மாசி வரை சுற்றிச் சுற்றி நடக்கும். விடியும் முன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாக மலை ஏறிவிடும். இறங்கி வரச் சாயங்காலமாகிவிடும். தோட்டம் வைத்திருப்பவர்கள் அந்த நாட்களில் மேலேயே தங்கிவிடுவதும் உண்டு. வியாபாரிகள் ஏலக்காய் ஏலத்துக்குப் போடிக்கும் புற்றடிக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும், காலை பதினொரு மணிக்குக் கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவருக்குக் கதவைத் திறக்க அவர் ஊரில் இல்லையென்றால், அவரிடம் சாவி இருந்து என்ன பயன்? நடந்து வரும் தூரத்தில், பகலில் வீட்டிலோ கடையிலோ இருக்கும் ஒருவர், தூரத்து ஊரில் இருக்கும் சொந்தத் தம்பியை விட இந்த வேலைக்குப் பொருத்தமானவர். தெருமுனைத் தையல்காரர், ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு டீச்சர், மளிகைக் கடைக்காரர் போன்றவர்கள். அவருக்கும் முடியாமல் போனால் சாவி யாரிடம் போகும் என்று இரண்டாவது பெயர் ஒன்றையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

எல்லாச் சாவியையும் கொடுக்க வேண்டியதில்லை. கேட், வாசல் கதவு, மொட்டை மாடிக் கதவு, மோட்டார் அறை. இவ்வளவுதான் அவருக்குத் தேவை. பீரோ சாவி உங்களோடு வரட்டும். நகை வீட்டில் இருக்கக் கூடாது. அது உங்களுக்கும் நல்லது, சாவி வைத்திருக்கும் மனிதருக்கும் நல்லது. கொடுக்கும் சாவிகளை மேசை மேல் பரப்பி ஒரு போட்டோ எடுத்து, அவருக்கும் வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிட்டால் எத்தனை சாவி என்ற பேச்சு பின்னால் வராது.

கிளம்பும் முன் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு தகவல் எழுதிக்கொடுத்துவிடுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று காவல்துறையே கேட்டுக்கொள்கிறது. அந்தத் தாளிலும் சாவி வைத்திருப்பவரின் பெயர் இருக்கட்டும். இரவில் ரோந்து வரும் காவலர், பூட்டிய வீட்டுக்குள் வெளிச்சத்தைப் பார்த்தால் யாரை அழைக்க வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆறு மாதத்தில் வீட்டுக்கு என்ன நடக்கும்?

முதலில் கரண்ட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பார்கள். நம் தம்பதி இல்லாத காலத்தில் மூன்று முறை வருவார்கள். மீட்டர் வாசலுக்கு வெளியே இருந்தால் பிரச்சினை இல்லை. பழைய வீடுகளில் அது திண்ணைக்கு உள்ளே, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும். பார்க்க முடியாவிட்டால் 'கதவு பூட்டு' என்று குறித்துவிட்டு, முந்தைய பயன்பாட்டை வைத்து ஒரு தொகையைப் போட்டுவிடுவார்கள். உண்மையான ரீடிங் எடுத்த பிறகுதான் அது சரியாகும். அதற்குள் கட்டாமல் விட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் அலைச்சல் அவருக்கு.

கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மீட்டரில் இருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்துவிடுங்கள். மோட்டாருக்குத் தனி மெயின் இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். வீட்டு மெயின் அணைந்திருக்கும்போது அந்த எண் நகரக் கூடாது. சாவி வைத்திருப்பவர் முதல் முறை வந்து பார்க்கும்போது எண் ஏறியிருந்தால் இரண்டில் ஒன்று. எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது உங்கள் மீட்டரிலிருந்து வேறு யாரோ எடுக்கிறார்கள். இரண்டுமே எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டிய விஷயம். ஆறு மாதம் கழித்துப் பில்லைப் பார்த்து வீட்டுக்காரம்மாவோடு மனத்தாங்கல் வருவதைவிட, இந்த ஒரு போட்டோ எவ்வளவோ மேல்.

அடுத்தது மழை. போடிக்கு வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். ஆறு மாதத்தில் வீட்டுக்கு ஆபத்தான காலம் அதுதான். மொட்டை மாடியில் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் ஒரு பிடி சருகு அடைத்தால் போதும், மாடியில் தண்ணீர் தேங்கித் தளம் வழியாக இறங்கும். மேலே வீடு இருக்கும் நம் தம்பதிக்கு இந்தக் கவலை குறைவு. தனி வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் கவலை. ஆகவே மழைக்கு முன் ஒருமுறை, பெரிய மழை விட்ட மறுநாள் ஒருமுறை மாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற நாட்களில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து ஜன்னல்களை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும். மலைச்சரிவு வீடுகளில் ஆனி, ஆடிச் சாரலிலேயே ஈரம் உட்கார்ந்துவிடும். அங்கே வாரம் ஒருமுறையாவது திறக்க வேண்டும். கதவு இறுகி நகர மறுப்பது, தோல் செருப்பில் பச்சை பூப்பது, உள்ளே நுழைந்ததும் மக்கிய வாடை வருவது எல்லாம் ஈரம் ஏறிவிட்டதன் அடையாளங்கள். அப்போது படுக்கையையும் துணிகளையும் எடுத்து வெயிலில் போடாவிட்டால் அவை மிஞ்சாது.

ஒவ்வொரு முறை திறந்தபோதும் தேதி, நேரம், மீட்டர் எண், பார்த்தது என்ன என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வீடு கைவிடப்படவில்லை என்பதற்கு அந்த நோட்டைவிட நல்ல சாட்சி கிடையாது.

வாடகையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பயணத்தில் இருப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. மாதம் 9,000 ரூபாயைக் கைப்பேசியில் தட்டி அனுப்பிப் பழகியவர்கள், அங்கிருந்தும் அப்படியே அனுப்பிவிடலாம் என்று நினைப்பார்கள். அமெரிக்காவில் புது சிம் போட்டதும் இந்திய எண்ணுக்கு வரும் ஓடிபி வராது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண்ணும் சில மாதத்தில் செத்துவிடும். அதனால் கிளம்பும் முன்பே வங்கிக்குப் போய், மாதாமாதம் குறிப்பிட்ட தேதியில் வாடகைத் தொகை தானாகப் போய்ச்சேர எழுதிக்கொடுத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கான 54,000 ரூபாயும் அந்தக் கணக்கில் இருக்கட்டும். 'அட்வான்ஸில் கழித்துக்கொள்வார்கள்' என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இரண்டு மாத வாடகை நிலுவை என்பது புதிய சட்டத்தில் வெளியேற்றக் காரணம். கேட்டு நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் தப்பலாம். ஆனால் அந்த நோட்டீஸ் பூட்டிய கதவின் அடியில் செருகப்பட்டுக் கிடந்தால், அந்த ஒரு மாதம் உங்களுக்குத் தெரியாமலே ஓடிவிடும். வாசலில் கிடக்கும் தபாலை எடுத்துப் படம் பிடித்து அனுப்புவது, சாவி வைத்திருப்பவரின் வேலைகளில் முக்கியமானது என்று நான் சொல்வது இதனால்தான்.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தனியாக இருக்கும் அந்த அம்மாவுக்கு இந்த வாடகைதான் மாதச் செலவுக்கு. கீழ்வீட்டிலிருந்து தண்ணீர் கசிந்தால் அவருக்குக் கதவைத் திறக்க வழி வேண்டும். வீட்டைப் பார்வையிடுவது அவர் உரிமை. சொத்து மாற்றுச் சட்டம் அதைச் சொல்கிறது. புதிய சட்டம், 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டு வர வேண்டும் என்று முறைப்படுத்துகிறது. ஆள் எங்கே, எப்போது வருவார் என்று எதுவும் தெரியாமல், உடைக்கவும் முடியாத பூட்டின் முன்னால் ஒரு வீட்டுக்காரரை நிறுத்துவது சரியல்ல. பூட்டை அவரே உடைத்து உள்ளே போனால் அது அவர்மேல் வழக்காகத் திரும்பும். முறைப்படி வாடகை அதிகாரியிடம் போனால் அலைச்சல். கடிதத்தில் இருக்கும் ஒரு பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் அவரை இந்த இரண்டிலிருந்தும் காப்பாற்றுகின்றன.

பயணம் நீண்டுவிட்டால், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பும் தேதி தள்ளிப்போனால், பிப்ரவரி 5 கடந்து போவதற்கு முன்பே புதுத் தேதியை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். 'இன்னும் கொஞ்ச நாள்' என்று எழுதாதீர்கள், தேதியைப் போடுங்கள். திரும்பி வந்ததும் சாவிகளை எண்ணி வாங்கிக்கொண்டு, வந்துவிட்டோம் என்று வீட்டுக்காரருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டால் அந்தக் கடிதத்தின் வேலை முடிந்தது.

இந்தப் பருவத்தில் மகனிடமோ மகளிடமோ போகக் கிளம்பிக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு ஒன்றே ஒன்று. பெட்டியை எடை பார்க்கும் முன், அந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.